வேலை மாறிய வருடமா? ஃபார்ம் 16 மட்டும் போதாது

நிதியாண்டின் நடுவில் கம்பெனி மாறியவருக்கு ஜூன் மாதம் இரண்டு ஃபார்ம் 16 வர வேண்டும். புதிய கம்பெனி தருவது கைக்கு வந்துவிடும். பழைய கம்பெனியுடையதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கையில் உள்ள ஒன்றை வைத்து ரிட்டர்ன் தாக்கல் செய்தால் சில மாதச் சம்பளம் விட்டுப்போகும். ஆனால் வருமான வரித்துறையிடம் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

அந்தப் பதிவை நாமும் பார்க்கலாம். 2021 நவம்பரில் அறிமுகமான ஆண்டுத் தகவல் அறிக்கையைத்தான் ஏ.ஐ.எஸ். என்கிறார்கள். incometax.gov.in தளத்தில் உள்நுழைந்தால் மேலே AIS என்ற பகுதி இருக்கும். கம்பெனிகளும் வங்கிகளும் பங்குத் தரகர்களும் உங்கள் பான் எண்ணின் கீழ் தெரிவித்த தொகைகள் அதில் வரிசையாக இருக்கும். ஏப்ரலிலேயே அதைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. கடைசிக் காலாண்டின் டி.டி.எஸ். விவரத்தையும் வங்கி வட்டி விவரத்தையும் தாக்கல் செய்ய மே 31 வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. ஜூன் பாதிக்கு மேல் பார்ப்பதே சரி.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் 1,25,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறார். நான்கு மாதத்துக்கு 5 லட்சம். அதில் பிடித்த வரி 32,500. ஆகஸ்டில் வேறு கம்பெனி, மாதம் 1,75,000. எட்டு மாதத்துக்கு 14 லட்சம். புதிய வரி முறைப்படி அங்கே பிடித்த வரி 81,900. வங்கியில் எஃப்.டி. வட்டி 45,000. அது 50,000-ஐத் தாண்டாததால் வங்கி வரி பிடிக்கவில்லை.

இரண்டாவது கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். 14 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 13,25,000. அதற்குரிய வரி முழுவதும் பிடித்தாயிற்று, பாக்கி எதுவும் இல்லை. ஆனால் பகுதி பி-யில் 1(e) என்ற வரிசையைக் கவனியுங்கள். முந்தைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தை நீங்கள் புதிய கம்பெனிக்குத் தெரிவித்திருந்தால் அந்தத் தொகை அங்கே வரும். வெற்றாக இருந்தால் பழைய சம்பளம் இந்தச் சான்றிதழில் சேரவில்லை என்று பொருள்.

இப்போது ஏ.ஐ.எஸ்.ஸைப் பக்கத்தில் வையுங்கள். சம்பளம் என்ற தலைப்பில் இரண்டு கம்பெனிகளின் பெயர்கள் இருக்கும். அங்கே உள்ள தொகையை ஃபார்ம் 16-இன் மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும், கழிவுகள் போன தொகையோடு அல்ல. வட்டி என்ற தலைப்பில் 45,000 தனியாக இருக்கும்.

மூன்றையும் கூட்டினால் சம்பளம் 19 லட்சம், வட்டி 45,000. நிலையான கழிவு ஆண்டுக்கு ஒரு முறைதான். அது போக 18,70,000. செஸ் உட்பட வரி 1,80,960. பிடித்தது இரண்டும் சேர்த்து 1,14,400. பாக்கி 66,560 ரூபாய். இரண்டு கம்பெனிகளும் தனித்தனியே 75,000 கழித்தன, முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை என்ற சலுகையையும் தனித்தனியே கொடுத்தன. பற்றாக்குறையின் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. பாக்கி 10,000-ஐத் தாண்டுவதால், முன்கூட்டிக் கட்டாததற்கு ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீத வட்டியும் ஏறும். அதனால் கணக்கு முடிந்ததும் சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டிவிட்டு, பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்வது நல்லது.

ஏ.ஐ.எஸ்.ஸில் இருப்பதையெல்லாம் அப்படியே வருமானம் என்று எழுதிவிடவும் கூடாது. வங்கி வரி பிடித்த எஃப்.டி. வட்டி, டி.டி.எஸ். பகுதியில் ஒரு முறையும் வங்கி தரும் விவரத்தில் இன்னொரு முறையும் வரக்கூடும். கூட்டுக் கணக்கின் வட்டி முழுவதும் ஒருவர் பெயரில் நிற்கலாம். வங்கியின் வட்டிச் சான்றிதழைப் பார்த்து உண்மையான தொகையை உறுதிசெய்துகொண்டு, அந்த வரிசையிலேயே உங்கள் மறுப்பைப் பதிவு செய்யலாம். தகவல் இரட்டிப்பு, வேறொருவருடையது, தொகை முழுவதும் சரியில்லை என்றெல்லாம் தேர்வுகள் உண்டு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். ஃபார்ம் 16-இல் பிடித்ததாகக் காட்டிய வரி, ஏ.ஐ.எஸ்.ஸிலும் 26ஏ.எஸ். படிவத்திலும் இல்லாமல் போகலாம். அப்போது கம்பெனி தன் டி.டி.எஸ். விவரத்தைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டுகளை இணைத்து எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிறர் தெரிவித்தது மட்டுமே ஏ.ஐ.எஸ்.ஸில் வரும். மாடி வீட்டுக்குக் குடியிருப்பவர் தரும் வாடகை அதில் இருக்காது. அதை உங்கள் வங்கிப் புத்தகத்திலிருந்து நீங்களேதான் சேர்க்க வேண்டும்.