ஒரு ஆளுக்கு இரண்டு பான்

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் சென்ற ஆண்டு என்னிடம் வந்தது பான் விஷயமாக அல்ல. "வைப்பு நிதி வட்டியில் பேங்க்காரங்க இருபது பர்சென்ட் பிடிச்சிருக்காங்க சார், எல்லாருக்கும் பத்துதானே?" என்பதுதான் அவர் கேள்வி. 2024-25 நிதியாண்டில் வட்டி 62,000 ரூபாய். பிடித்தது 12,400. அவருடைய 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால் அந்தத் தொகை அதில் இல்லவே இல்லை. சம்பளத்தில் பிடித்த வரி மட்டும் இருந்தது. வங்கி வேறு யார் கணக்கிலோ கட்டிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, அதன் 16ஏ சான்றிதழை வாங்கிப் பார்த்தோம். அதிலிருந்த பான் எண் வேறு. அதுவும் அவருடையதே.

கதை இதுதான். 2010-இல் முதல் வேலை கிடைத்தபோது ஒரு பான் வாங்கினார். வைப்பு நிதிக் கணக்கு அதில் தொடங்கியது. அட்டை தொலைந்துபோனது. 2016-இல், கல்யாணத்துக்குப் பிறகு, ஜெராக்ஸ் கடையில் இருந்த ஏஜென்ட் மறுஅச்சுக்கு விண்ணப்பிக்காமல் புது விண்ணப்பமே போட்டுவிட்டார். புது எண் வந்தது. சம்பளம், ரிட்டர்ன், ஆதார் இணைப்பு எல்லாம் அதில் ஓடின. பழைய எண்ணை அவர் மறந்துவிட்டார், வங்கி மறக்கவில்லை.

ஒருவர் பெயரில் இரண்டு எண் தர கம்ப்யூட்டர் எப்படி விட்டது என்று கேட்பீர்கள். நம் இனிஷியலே காரணம். பான் எண்ணின் நான்காவது எழுத்து ‘P’ என்றால் தனிநபர். ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆனால் படிவம் இனிஷியலை ஏற்காது. அதனால் அப்பா பெயரை அங்கே விரித்து எழுதுகிறோம். கல்யாணம் ஆனதும் அதே இடத்தில் கணவர் பெயர் வந்துவிடுகிறது. இவருக்கு முதல் பானில் ஐந்தாவது எழுத்து ‘N’, இரண்டாவதில் ‘M’. போதாக்குறைக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி. பெயரும் தேதியும் ஒத்துப்போனால்தானே இயந்திரம் தடுக்கும்?

இருபது சதவீதத்துக்கு வருவோம். ஒரு ஆதாரை ஒரு பானோடுதான் இணைக்க முடியும். இணைக்காத பழைய எண் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாகிவிட்டது. செயலற்ற பானுக்கு வட்டியில் இருமடங்கு பிடிப்பார்கள். இங்கே பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: "அதான் செத்துப்போச்சே, எதுக்கு சரண்டர்?" செயலற்றது என்றால் ரத்தானது அல்ல. எண் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஒருவர் இரண்டு பான் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். வருமான வரிச் சட்டம் இதற்கு 10,000 ரூபாய் அபராதம் சொல்கிறது. நியாயமான காரணம் காட்டினால் விலக்களிக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே போய்ச் சொல்வது அந்தக் காரணத்துக்கு வலு சேர்க்கும்.

எந்த எண்ணை வைத்துக்கொள்வது? பழையதுதான் அசல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஆதார் எதில் இணைந்திருக்கிறது, ரிட்டர்ன் எதில் போயிருக்கிறது என்று பாருங்கள். அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். இவர் விஷயத்தில் 2016-இல் வாங்கியதே தங்கியது.

சரண்டர் செய்ய இரண்டு வேலை. முதலாவது, பான் திருத்த விண்ணப்பம். புரோட்டியன் அல்லது யூடிஐ நிறுவனம் வழியாகப் போடலாம். மேலே, வைத்துக்கொள்ளும் எண்ணை எழுத வேண்டும். தவறுதலாக வழங்கப்பட்ட பிற எண்களுக்கென்று உள்ளே தனிக் கட்டம் உண்டு, விடும் எண்ணை அதில் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் வரி அதிகாரிக்குக் கடிதம். அவர் யாரென்று வருமான வரித் துறை இணையதளத்தில் ‘Know Your AO’ என்ற இடத்தில் பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்தால் தெரியும். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். இவருக்குப் பழைய எண் சொந்த ஊர் வார்டில் கிடந்தது, புதியது ஓசூர் வார்டில். ஓர் அதிகாரியால் தன் வார்டில் இல்லாத எண்ணில் கைவைக்க முடியாது. ஆகவே இரண்டு அலுவலகத்துக்கும் எழுதினோம். கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, எனக்குத் தவறுதலாக இரண்டு நிரந்தரக் கணக்கு எண்கள் வழங்கப்பட்டுள்ளன. 2010-இல் பெற்ற அட்டை தொலைந்ததால், மறுஅச்சு கோருவதற்குப் பதில் 2016-இல் புதிதாக விண்ணப்பித்துவிட்டேன். ஆதாருடன் இணைந்த, ரிட்டர்ன் தாக்கல் செய்துவரும் இரண்டாவது எண்ணைத் தொடர விரும்புகிறேன். முதல் எண்ணில் நான் ரிட்டர்ன் எதுவும் தாக்கல் செய்ததில்லை, வரி பாக்கியும் இல்லை. அதை ரத்து செய்து தெரிவிக்க வேண்டுகிறேன்."

கீழே இரண்டு எண்கள், இரண்டிலும் உள்ளபடி பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி. இணைப்பாக அட்டை நகல்கள், ஆதார் நகல், திருத்த விண்ணப்பத்தின் ஒப்புகை. தொலைந்த அட்டைக்கு வங்கியின் 16ஏ சான்றிதழ் நகலை வைத்தோம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். "மெயில் அனுப்பிட்டேன் சார்" என்பவர்களிடம் நான் சொல்வது, முத்திரையே பேசும்.

ஆனால் கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. எண் ரத்தானால் அதிலுள்ள பதிவுகள் மற்ற எண்ணுக்குத் தாமாக நகராது. இணைத்துக் கொடுக்கும் பொத்தான் யாரிடமும் இல்லை. வரி பிடித்தவர்தான், காலாண்டுக்கு ஒன்றாகத் தாக்கல் செய்த அறிக்கையைத் திருத்தி, சரியான பானைப் போட வேண்டும். ஆகவே பழைய எண்ணில் என்னென்ன தொங்குகிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள். வங்கிக் கணக்கு, வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்ட், டீமேட், கடன். எல்லா இடத்திலும் கேஒய்சி-யை மாற்றுங்கள்.

இவர் வங்கிக் கிளையில் பானை மாற்றக் கேட்டதும் அன்றே மாற்றிவிட்டார்கள். பழைய நான்கு காலாண்டுகளைத் திருத்தக் கேட்டபோது "அது ஹெட் ஆபீஸ்" என்றார்கள். எழுத்தில் கொடுத்து மூன்று முறை நடந்த பிறகு நவம்பரில் அந்த 12,400 ரூபாய் புதிய எண்ணின் 26ஏஎஸ்-இல் ஏறியது. பணம் வந்தால் போதாது, வருமானமும் வர வேண்டும். ஜூலையில் போட்ட ரிட்டர்னில் வட்டி 62,000 காட்டப்படவே இல்லை. திருத்திய ரிட்டர்னுக்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாள். வட்டியைச் சேர்த்துப் போட்டோம். அவருடைய பத்து சதவீத அடுக்கில் செஸ்ஸோடு வரி 6,448 ரூபாய். மீதி 5,952 ரூபாய் ரீஃபண்டாகக் கேட்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் கடிதத்தைக் கொடுத்தோம். இணையதளத்தில் ‘Verify PAN Status’ பகுதியில் அவ்வப்போது பழைய எண்ணைப் போட்டுப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். பதில் வராவிட்டால், முத்திரை நகலை இணைத்து நினைவூட்டல் எழுத வேண்டும். எண் ரத்தான பிறகும் அந்த நகலைக் கிழித்துப் போடாதீர்கள். நாளைக்கு எந்த வங்கியாவது பழைய எண்ணைச் சொல்லிக் கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான்.