நூறு ரூபாய்க்கு 541 வழி

பத்து ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டால், கடைக்காரர் கல்லாவுக்குள் கைவிட்டு இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்து வைப்பார். ஐந்து இல்லையென்றால் இரண்டும் ஒன்றுமாகக் கலந்து தருவார். ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்று வகை நாணயங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், பத்து ரூபாயை எத்தனை விதமாகத் தரலாம்?

இதை விரல்விட்டே எண்ணிவிடலாம். ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு தந்தால் ஒரே வழிதான். ஒன்று தந்தால் மீதி ஐந்து ரூபாய். அதில் இரண்டு ரூபாய் நாணயம் 0, 1, 2 என மூன்று விதமாக வரலாம். ஐந்து ரூபாய் நாணயமே இல்லையென்றால் இரண்டு ரூபாய் நாணயம் 0 முதல் 5 வரை, ஆறு விதம். ஆக மொத்தம் 10. எந்த நாணயத்தை முதலில் வைத்தார் என்பது இங்கே கணக்கில்லை. ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்பது மட்டுமே கணக்கு.

நூறு ரூபாய்க்கு இதே வேலையைச் செய்தால் 541 வழிகள் வரும். பட்டியல் போட்டு எண்ணுகிறவர் நடுவில் ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் அவருக்கே தெரியாது. பட்டியலே போடாமல் விடையை எடுக்க ஒரு வழி உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோனார்டு ஆய்லர், 1748-இல் வெளியான தம் நூலில் எண்களைக் கூறுபோடும் கணக்குகளுக்கு இந்த வழியைக் கையாண்டார்.

அதன் சூட்சுமம் பள்ளிக்கூட விதி ஒன்றில் இருக்கிறது: அடுக்குகளைப் பெருக்கினால் மேலே உள்ள எண்கள் கூடும். இரண்டு ரூபாய் நாணயத்துக்கு ஓர் அடைப்புக்குறி எழுதுவோம்: (1 + x² + x⁴ + x⁶ + …). இதில் 1 என்றால் நாணயமே எடுக்கவில்லை; x² என்றால் ஒரு நாணயம், x⁴ என்றால் இரண்டு. ஒரு ரூபாய்க்கு (1 + x + x² + …), ஐந்து ரூபாய்க்கு (1 + x⁵ + x¹⁰ + …). மூன்றையும் பெருக்கும்போது ஒவ்வொரு அடைப்புக்குறியிலிருந்தும் ஓர் உறுப்பை எடுக்கிறோம். முதலாவதிலிருந்து x, இரண்டாவதிலிருந்து x⁴, மூன்றாவதிலிருந்து x⁵ எடுத்தால் x¹⁰ கிடைக்கும். ஓர் ஒற்றை ரூபாய், இரண்டு இரண்டு ரூபாய், ஓர் ஐந்து ரூபாய்: பத்து ரூபாய்ச் சில்லறையின் ஒரு வழி. இப்படி ஒவ்வொரு வழியும் ஒரு x¹⁰-ஐத் தருவதால், பெருக்கி முடித்தபின் x¹⁰-இன் முன்னால் நிற்கும் கெழு 10. இங்கே x-க்கு மதிப்பு எதுவும் இல்லை; தொகைகளை மாட்டிவைக்கும் ஆணி அது. இந்தப் பெருக்கத்துக்கு உருவாக்கும் சார்பு என்று பெயர்.

முடிவில்லாமல் நீளும் ஒவ்வொரு அடைப்புக்குறியும் பெருக்குத் தொடர்தான். அதைக் கூட்டினால் மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன:

```
1 / [(1 − x)(1 − x²)(1 − x⁵)]
```

இதிலிருந்து நூறாவது கெழுவைப் பிரித்தெடுக்க வேண்டும். அங்கேதான் பதினோராம் வகுப்பில் படிக்கிற பகுதிப் பின்னங்கள் உதவுகின்றன. 1/6-ஐ 1/2 − 1/3 என்று உடைப்பதுபோல, பெரிய பின்னத்தைச் சிறிய பின்னங்களின் கூட்டலாக உடைக்கும் முறை அது. முதலில் பகுதியைக் காரணிப்படுத்த வேண்டும். மூன்று காரணிகளிலும் (1 − x) ஒளிந்திருப்பதால் அது மூன்று முறை வருகிறது. (1 − x²)-இலிருந்து (1 + x) ஒரு முறை வருகிறது. (1 − x⁵)-இலிருந்து (1 + x + x² + x³ + x⁴) ஒரு முறை.

உடைத்தபின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குணம் இருக்கிறது. 1/(1 − x)³-ஐ விரித்தால் 1, 3, 6, 10 என்று கெழுக்கள் சீராக வளரும். 1/(1 + x)-ஐ விரித்தால் 1, −1, 1, −1 என்று மாறிமாறி வரும். ஐந்தாம் அடுக்கின் துண்டு, ஐந்து எண்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும். முதல் துண்டு ஏறும் சாலை என்றால், மற்ற இரண்டும் அதன்மேல் விழும் சிறு அதிர்வுகள். 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கணித அறிஞர் ஜேம்ஸ் ஜோசப் சில்வஸ்டர் இத்தகைய துண்டுகளை ‘அலைகள்’ என்றே அழைத்தார்.

இந்த அலைகளின் உயரத்தைக் காண்பதும் எளிது. (1 + x) துண்டின் உயரம் வேண்டுமானால், பகுதியிலிருந்து அதை நீக்கிவிட்டு, மிஞ்சும் (1 − x)(1 − x)(1 − x⁵)-இல் x = −1 என்று போட வேண்டும். 2 × 2 × 2 = 8. எனவே உயரம் 1/8. மற்றவற்றையும் கண்டு சேர்த்தால், n ரூபாய்க்கான வழிகள்:

```
n²/20 + 2n/5 + 27/40 ± 1/8 + c
```

n இரட்டை எண் என்றால் 1/8-ஐக் கூட்ட வேண்டும். ஒற்றை என்றால் கழிக்க வேண்டும். c என்பது, n-ஐ ஐந்தால் வகுத்து வரும் மீதி 0, 1, 2, 3, 4 என்பதற்கேற்ப முறையே 1/5, 0, 1/5, −1/5, −1/5.

நூறைப் போட்டுப் பார்க்கலாம். 500 + 40 = 540. மிச்சம் 27/40 + 5/40 + 8/40, அதாவது சரியாக 1. விடை 541. இங்கேயே ஒரு சோதனையும் அமைந்துவிடுகிறது: வழிகளின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். பின்னம் மிஞ்சினால் எங்கோ ஒரு கெழு தவறு.

இரண்டு அதிர்வுகளும் சேர்ந்தாலும் 13/40-ஐத் தாண்டாது. அது அரைக்கும் குறைவு என்பதால், சாலையின் உயரத்தை மட்டும் கண்டு, அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தாலே போதும். 27/40-ஐக் கொஞ்சம் உயர்த்தி 32/40 ஆக்கினால் சூத்திரம் (n + 4)²/20 என்று சுருங்கிவிடும். அப்போதும் பிசகு 18/40-க்கு மேல் போகாது. 37 ரூபாய்க்கு எத்தனை வழி? 41-இன் வர்க்கம் 1681. இருபதால் வகுத்தால் 84.05. விடை 84.

இந்தச் சுருக்குவழியை எல்லா நாணயங்களுக்கும் நம்பிவிட முடியாது. பத்து ரூபாய் நாணயத்தையும் சேர்த்தால் (1 − x¹⁰) உள்ளே வருகிறது. அதற்குள்ளும் (1 + x) இருக்கிறது. இப்போது அந்தக் காரணி இரண்டு முறை. 1/(1 + x)²-ஐ விரித்தால் 1, −2, 3, −4 என்று அதிர்வே வளரத் தொடங்கிவிடும். இந்தக் காரணியிலிருந்து வரும் அலையின் உயரம் (n + 9)/80. நூறு ரூபாய்க்கு 109/80, ஒன்றுக்கும் மேல். அலையை விட்டுவிட்டுச் சாலையை மட்டும் பார்த்தால் தவறான முழு எண்தான் கிடைக்கும்.

ஆனாலும் பழைய சூத்திரம் வீண்போகவில்லை. பத்து ரூபாய் நாணயங்களைத் தந்தபின் மிஞ்சும் தொகை எப்போதும் பத்தின் மடங்கு. 10j ரூபாய்க்கு அந்தச் சூத்திரம் 5j² + 4j + 1 என்று பின்னமே இல்லாமல் நிற்கும்: 1, 10, 29, 58… j-க்கு 0 முதல் 10 வரை போட்டுக் கூட்டினால் நான்கு வகை நாணயங்களில் நூறு ரூபாய்க்கு 2156 வழிகள்.

மூன்று, நான்கு, ஆறு, ஏழு என்று எல்லா மதிப்பிலும் நாணயம் இருந்தால் அடைப்புக்குறிகளுக்கு முடிவே இல்லை. பகுதிப் பின்னங்களாக நேரடியாக உடைக்க முடியாது. அந்தக் கணக்கைத்தான் ஜி. எச். ஹார்டியும் சீனிவாச ராமானுஜனும் எடுத்துக்கொண்டு, 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் தோராய உறுப்புகளாகப் பிரித்தார்கள். 200-க்கு எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அவர்களுக்குக் கிடைத்தது 39,72,99,90,29,388.004. பெர்சி மக்மஹோன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த விடையில் அந்த .004 மட்டும் இல்லை.