படம் ஏன் படுத்துக்கொள்கிறது?

கேலரியில் நிமிர்ந்து நிற்கும் படம், செயலியில் புரொஃபைல் படமாக ஏற்றியதும் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும், பல கேமராக்கள் படத்தைக் கிடைமட்டமாகவே பதிவு செய்கின்றன. கூடவே கோப்புக்குள் Orientation என்ற குறிப்பில் ஓர் எண்ணை எழுதிவைக்கின்றன. எண் 6 என்றால், காட்டும்போது வலப்பக்கமாக 90 பாகை திருப்ப வேண்டும் என்று பொருள். கேலரி அதைப் படித்துத் திருப்பிக் காட்டுகிறது. செயலி படிக்காவிட்டால் படம் சாய்ந்தே தெரியும்.

செயலியிலேயே திருப்பும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தினால் போதும். இல்லையென்றால், கேலரியில் படத்தை நிமிர்த்திவைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஏற்றுங்கள். அதில் படமே நிமிர்ந்து பதிவாகிவிடுவதால் திருப்பும் குறிப்பு தேவைப்படாது. தெளிவு சற்றுக் குறையலாம், சிறிய புரொஃபைல் படத்துக்கு அது போதும். வெட்டும்போது தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். வட்டச் சட்டம் நான்கு மூலைகளையும் விழுங்கிவிடும்.