மூன்று பாட்டில்களில் ஓர் ஏரியின் விளைச்சல்

ஏரி நீரில் மிதக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு கரியமில வாயுவை உணவுப் பொருளாக மாற்றுகின்றன. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இப்படி எவ்வளவு உணவு உருவாகிறது என்பதே அந்த ஏரியின் முதல்நிலை உற்பத்தித் திறன். மீனும் இறாலும் நீர்ப்பறவையும் கடைசியில் இந்த விளைச்சலைத்தான் நம்பியிருக்கின்றன. வயலில் விளைந்ததை அறுத்து எடை போடலாம். ஏரியில் அது முடியாது, ஏனென்றால் இன்று காலை பிறந்த பாசி மாலைக்குள் யாருக்காவது இரையாகிவிடும். நீரில் இருக்கும் பாசியின் அளவை வைத்து உற்பத்தியைக் கணக்கிட இயலாததால், உற்பத்தியின்போது வெளிவரும் ஆக்சிஜனை அளக்கிறார்கள்.

ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருகிறது, சுவாசத்தில் செலவாகிறது. இரண்டும் ஒரே நீரில், ஒரே நேரத்தில் நடப்பவை. அவற்றைப் பிரித்துக் காண்பதற்கான எளிய வழியை நார்வேயின் ஆஸ்லோ ஃபியோர்டில் பணியாற்றிய கார்டர், கிரான் என்ற இரு ஆய்வாளர்கள் 1927-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆழத்து நீரை மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்ப வேண்டும். முதல் பாட்டிலின் ஆக்சிஜனை அப்போதே அளந்துவிட வேண்டும். இது தொடக்கப் பாட்டில். இரண்டாவது வெயில் படும் ஒளிப் பாட்டில். மூன்றாவது, கறுப்பு நாடாவும் அலுமினியத் தாளும் சுற்றி மூடிய இருட்டுப் பாட்டில். இந்த இரண்டையும் நீர் எடுத்த அதே ஆழத்தில் சில மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு அவற்றின் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும்.

இருட்டுப் பாட்டிலில் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசம் மட்டுமே. எனவே தொடக்க அளவிலிருந்து அங்கே குறைந்தது சுவாசத்தின் செலவு. ஒளிப் பாட்டிலில் இரண்டும் நடக்கின்றன, ஆகவே அங்கே கூடியது செலவு போக மிஞ்சியது. அதுதான் நிகர உற்பத்தி. ஒளிப் பாட்டிலுக்கும் இருட்டுப் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த உற்பத்தி.

ஆக்சிஜனை அளக்க இன்று மின்முனைக் கருவிகள் உண்டு. ஆனாலும் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்லர் 1888-இல் தந்த வேதியியல் முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. பாட்டிலில் முதலில் மாங்கனீஸ் சல்பேட் கரைசலையும், அடுத்து பொட்டாசியம் அயோடைடு கலந்த காரக் கரைசலையும் விட வேண்டும். பிப்பெட்டின் நுனி நீருக்குள் இருக்க வேண்டும், மேலிருந்து சொட்டினால் காற்று கலந்துவிடும். மூடி குலுக்கியதும் வீழ்படிவு தோன்றும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாக இருக்கும், சற்றும் இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். கந்தக அமிலம் சேர்த்தால் படிவு கரைந்து, நீரில் இருந்த ஆக்சிஜனுக்குச் சமமான அயோடின் வெளிப்படும். அதில் 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலமாகும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லி தயோசல்பேட்டும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனைக் குறிக்கும்.

மூன்று மீட்டர் ஆழமுள்ள, பாசி மிகுந்த ஏரி ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக் கணக்கிடலாம். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை, அரை மீட்டர் ஆழத்தில் பாட்டில்கள் தொங்கின என்போம். தொடக்கப் பாட்டிலில் லிட்டருக்கு 7.2 மில்லிகிராம், ஒளிப் பாட்டிலில் 9.2, இருட்டுப் பாட்டிலில் 6.9. அப்படியானால் நான்கு மணி நேரத்தில் சுவாசம் 0.3, நிகர உற்பத்தி 2.0, மொத்த உற்பத்தி 2.3.

ஆனால் இது ஓர் ஆழத்தின் கதைதான். நண்பகலில் நீரின் மேற்பரப்பில் உற்பத்தி பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் கடும் வெயில் பாசியின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கிறது. கொஞ்சம் கீழே அது உச்சத்தைத் தொட்டு, மேலும் கீழே போகப்போக ஒளி குறைவதால் இறங்கிவிடும். எனவே பல ஆழங்களில் பாட்டில்களைத் தொங்கவிட்டே ஆக வேண்டும். நம் ஏரியில் நான்கு மணி நேர மொத்த உற்பத்தி மேற்பரப்பில் 1.6, அரை மீட்டரில் 2.3, ஒரு மீட்டரில் 1.4, இரண்டு மீட்டரில் 0.3, மூன்று மீட்டரில் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு ஆழங்களின் சராசரியை அவற்றின் இடைவெளியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது கனமீட்டருக்கு ஒரு கிராம் ஆதலால், விடை நேராகச் சதுர மீட்டர் கணக்கில் வந்துவிடும்:

0.975 + 0.925 + 0.85 + 0.15 = 2.9

அதாவது ஒரு சதுர மீட்டர் ஏரிப் பரப்பின் கீழே நான்கு மணி நேரத்தில் 2.9 கிராம் ஆக்சிஜன் உருவானது. நண்பகலை ஒட்டிய இந்த நான்கு மணி நேரத்தில் நாள் முழுதின் உற்பத்தியில் சுமார் 45 சதவீதம் நடக்கிறது என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.4 கிராம். இதைக் கார்பனாக மாற்ற, முதலில் 12-ஐ 32-ஆல் வகுத்து வரும் 0.375-ஆல் பெருக்கி, பிறகு ஒளிச்சேர்க்கை ஈவு என்ற எண்ணால் வகுப்பார்கள். ஒரு மூலக்கூறு கரியமில வாயு உணவாக மாறும்போது எத்தனை மூலக்கூறு ஆக்சிஜன் வெளிவருகிறது என்பதே இந்த ஈவு. மாவுச்சத்து மட்டும் உருவானால் அது 1. புரதமும் கொழுப்பும் உருவாகும்போது கூடும், பாசி நைட்ரேட்டை உண்டு வளர்ந்தால் மேலும் கூடும். வழக்கமாக 1.2 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது நம் ஏரியின் மொத்த உற்பத்தி சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் கார்பன்.

நிகர உற்பத்திக்கு வரும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அரை மீட்டர் பாட்டிலில் மொத்தம் 2.3, நிகரம் 2.0. இதைப் பார்த்தால் விளைந்ததில் ஏழில் ஆறு பங்குக்கு மேல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒளிச்சேர்க்கை மேல்நீரில் மட்டும், பகலில் மட்டும் நடப்பது. சுவாசமோ மேலிருந்து அடிவரை, இருபத்து நான்கு மணி நேரமும் நடப்பது. நான்கு மணி நேரத்துக்கு 0.3 என்றால் நாளொன்றுக்கு 1.8. எல்லா ஆழத்திலும் அதே அளவு என்று கொண்டு மூன்று மீட்டரால் பெருக்கினால் 5.4 கிராம். மொத்த உற்பத்தியான 6.4-இலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 1.0. ஏழில் ஆறு பங்கு என்று தோன்றிய மிச்சம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. உகாண்டாவில், நிலநடுக்கோட்டை ஒட்டி ஜார்ஜ் ஏரி இருக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரி ஆழமோ இரண்டரை மீட்டர் அளவுதான். ஆண்டு முழுதும் நீலப்பச்சைப் பாசியால் நீர் பச்சைக் குழம்பாகவே கிடக்கும். உலகளாவிய உயிரியல் திட்டத்தின் கீழ் 1960-களின் பிற்பகுதியில் அங்கே தொடங்கிய விரிவான ஆய்வில், பகலில் மேல்நீரின் ஒளிச்சேர்க்கை மிக உயர்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் பாசியே பாசிக்கு நிழலானதால், ஒளி ஒரு மீட்டர்கூட உள்ளே இறங்கவில்லை. அதற்குக் கீழுள்ள நீரும் இரவும் சேர்ந்து, விளைந்ததில் பெரும்பகுதியைச் சுவாசத்திலேயே தீர்த்துவிட்டன. அடர்பச்சை ஏரி என்றாலே மிகுந்த மிச்சம் என்ற எண்ணத்தை ஜார்ஜ் ஏரி தகர்த்தது.

பாட்டில் சொல்லும் சுவாசம் பாசியின் சுவாசம் மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. அதே நீரில் இருக்கும் பாக்டீரியாவும், நீர்ப்பூச்சிகளும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஆகவே இந்த முறையில் வரும் நிகரம், பாட்டிலுக்குள் உள்ள மொத்தச் சமூகத்தின் நிகரமே. பாசிக்கு மட்டும் மிஞ்சியதைத் தனியாகப் பிரிக்க இதில் வழியில்லை.

வேலையில் நேரும் பிழைகளில் சில தாமாகவே காட்டிக்கொடுக்கும். இருட்டுப் பாட்டிலின் ஆக்சிஜன் தொடக்க அளவைவிடக் கூடியிருந்தால் எங்கோ கோளாறு என்பது உறுதி. பெரும்பாலும் பாட்டிலின் கழுத்துப் பகுதியில் உறை விலகி ஒளி புகுந்திருக்கும், அல்லது நிரப்பும்போது காற்று கலந்திருக்கும். இதைத் தவிர்க்கத்தான் ரப்பர்க் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, இரண்டு மூன்று பாட்டில் அளவு நீர் வழிந்தோடும்வரை நிரப்புகிறார்கள். ஒளிப் பாட்டிலின் மூடிக்கு அடியில் சிறு குமிழி தென்பட்டால் ஆக்சிஜன் நீரிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள், அளவு குறைவாகவே வரும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். பாசி மிகுந்த நீரில் அந்த எல்லையைத் தாண்டச் சில மணி நேரமே போதும். அத்தகைய ஏரியில் இரண்டு மணி நேரத்தில் பாட்டிலை எடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு பிழை சத்தமில்லாமல் நுழைவது. தொடக்கப் பாட்டிலில் மருந்து விடாமல் அப்படியே படகில் வைத்திருந்து கரையில் விட்டால், அதற்குள் உயிரிகள் ஆக்சிஜனைக் கூட்டியோ குறைத்தோ இருக்கும். சுவாசமும் நிகரமும் இரண்டும் தவறிவிடும். ஆனால் மொத்த உற்பத்தி தப்பிவிடும், ஏனென்றால் அந்தக் கழித்தலில் தொடக்கப் பாட்டிலுக்கு இடமே இல்லை. மூன்று விடைகளில் மொத்த உற்பத்தியே நம்பகமானது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சத்திலும் இருட்டிலும் சுவாசம் ஒரே அளவு என்ற அனுமானத்தின் மீதுதான் அது நிற்கிறது. கனமான ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு செய்த ஆய்வுகளில், வெளிச்சத்தில் ஆக்சிஜன் செலவு சில வேளை கூடுவது தெரிந்தது. அவ்வாறு கூடும்போது பாட்டில் முறை உண்மையான மொத்த உற்பத்தியைக் குறைத்தே காட்டும்.

தெளிந்த, சத்துக் குறைந்த ஏரிகளில் இந்த முறை கைவிட்டுவிடும். அங்கே ஒரு நாள் முழுதும் வைத்தாலும் இரு பாட்டில்களின் வித்தியாசம் தரம்பார்த்தலின் பிழை அளவைத் தாண்டாது. பாட்டிலை இன்னும் நீண்ட நேரம் வைத்தால் கண்ணாடிச் சுவரில் பாக்டீரியா பெருகிச் சுவாசத்தைக் கூட்டிவிடும். அப்படிப்பட்ட நீருக்கு, டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1952-இல் வெளியிட்ட கதிரியக்கக் கார்பன்-14 முறையே பொருத்தமானது. பாசி நிறைந்த, ஆழமில்லாத வெப்பமண்டல ஏரிகளுக்கும் குளங்களுக்கும் பாட்டில் முறை போதும். ஆனால் பாட்டில்கள் எந்தெந்த ஆழத்தில், எத்தனை மணி நேரம் இருந்தன, ஒளிச்சேர்க்கை ஈவு எவ்வளவு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது ஆகிய மூன்றும் குறிக்கப்படாத உற்பத்தி எண்ணை இன்னோர் ஏரியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.