தொட்டியில் இருப்பதுதான் மூச்சில் போகிறது

2008 டிசம்பரில் சைப்ரஸ் நாட்டின் தனியார் மருத்துவமனை ஒன்றில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தொற்றியது. மூன்று குழந்தைகள் இறந்துபோயின. குழந்தைகள் அறையில் வைத்திருந்த ஹியூமிடிஃபையரில் ஊற்றிய தண்ணீரிலிருந்தே தொற்று வந்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. காற்று வறண்டுவிடக் கூடாதே என்று அக்கறையோடு வைத்த கருவி அது.

இன்று நம் வீடுகளுக்கு வரும் ஹியூமிடிஃபையர்களில் பெரும்பாலானவை அந்த மாதிரி, குளிர்ந்த பனிப்புகை விடுபவைதான். அடியில் உள்ள சிறு தகடு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து, தண்ணீரைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்கிறது. தண்ணீர் கொதிப்பதில்லை. அதனால் அதிலுள்ள உப்பு, பாக்டீரியா, பூஞ்சை எல்லாமே அந்தத் துளிகளில் ஏறி அறைக்குள் வருகின்றன. நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும் அளவுக்கு அவை சிறியவை. ஆவி பிடிக்கும் வேப்பரைசர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் சுடுநீர் கொட்டும் ஆபத்து உண்டு. சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. மிஞ்சிய தண்ணீரை அதிலேயே விட்டுவைப்பதும் தவறு.

சளி பிடித்த குழந்தை ஏசி அறையில் தூங்குகிறது, ஹியூமிடிஃபையர் இரவெல்லாம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மிச்சம். அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுவதுதான் பலரும் செய்வது. அங்கேதான் வினை தொடங்குகிறது. தேங்கிய தண்ணீரில் ஓரிரு நாளிலேயே கிருமிகள் சுவரில் ஒட்டி, வழவழப்பான படலம் கட்டத் தொடங்கும். அலசினால் மட்டும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வழுக்கினாலோ, மூலையில் இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ தெரிந்தாலோ, ஈர வாடை அடித்தாலோ அன்றிரவு அதை ஓட்டாதீர்கள்.

தினமும் காலையில் பிளக்கைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியையும் அடித்தட்டையும் சுத்தமான துணியால் துடைத்துக் காய விடுங்கள். கொட்டும்போது காற்றுத் துவாரத்துக்குள் தண்ணீர் போகாமல் சாய்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை முழுக் கழுவல். கருவியோடு வந்த குறிப்பில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதலில் வெள்ளை வினிகரைத் தகட்டின் மேல் ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் உப்புப் படிவை எடுக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் தகடு கெட்டுவிடும். நன்றாக அலசிய பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடால் உள்பக்கம் முழுக்கத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மருந்துக் கடையில் 6 சதவீதம்தான் கிடைத்தால் அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம். வினிகரையும் பெராக்சைடையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அமிலம் உருவாகும். வினிகரோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயுவே வரும்.

கழுவச் சோம்பல்பட்டு, தண்ணீரிலேயே கிருமிநாசினி கலந்துவிடலாமே என்று தோன்றும். தென்கொரியாவில் அதற்கென்றே தனி மருந்து பல ஆண்டுகள் கடைகளில் விற்றது. அந்த ரசாயனம் புகையோடு நுரையீரலுக்குப் போய், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்படப் பலரைக் கொன்றது 2011-இல்தான் வெளியே தெரிந்தது. கிருமிநாசினி கழுவத்தான், ஓடும் கருவிக்குள் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் கறுப்பு மேசையிலும் டிவியிலும் வெள்ளைப் பொடி படியும். அதே பொடியைத்தான் நோயாளியும் சுவாசிக்கிறார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனாலும் தொட்டியில் தேங்கினால் அதிலும் கிருமி வளரும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில், ஏசி ஓடாத அறையில் இந்தக் கருவி பெரும்பாலும் தேவையே இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டரை வைத்துப் பாருங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். 60-க்கு மேல் போனால் சுவரிலும் மெத்தையிலும் பூஞ்சை பிடிக்கும்.

கருவி ஓடிய சில மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி, இருமல் வந்து, நிறுத்தினால் குறைகிறதென்றால் அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோ எடுப்பவர், பிறந்த குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையென்றால் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. நோய் தீர்ந்ததும் கழுவி, ஃபில்டர் இருந்தால் தூக்கி எறிந்து, முழுக்கக் காய்ந்த பிறகே அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போதும் கழுவிய பிறகே ஓட்டுங்கள்.