கடனை அடைப்பதா, வைப்பில் இடுவதா?

வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்களில் நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின் ஒரு வினா எழுவதுண்டு. நிலுவைச் சம்பளமாகவோ, சீட்டுப் பணமாகவோ, விற்ற நிலத்தின் பங்காகவோ ஒரு தொகை கைக்கு வருகிறது. அதைக் கொண்டு கடனில் ஒரு பகுதியை முன்னதாகவே அடைத்துவிடலாமா, அல்லது வேறிடத்தில் முதலீடு செய்து பெருக்கலாமா? உறவினர் நால்வரைக் கேட்டால் நான்கு விடை கிடைக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்பவரோ அரியர். போடுகிறவர்களிலும் பலர், ஒப்பிடக் கூடாத இரண்டு தொகைகளை ஒப்பிட்டு முடிவு செய்துவிடுகின்றனர். ஆகவே, ஒரே ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு, அதைப் பொறுமையுடன் இறுதிவரை பார்ப்போம்.

ஆசிரியத் தம்பதியர் ஒருவர் 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினர் எனக் கொள்வோம். காலம் 20 ஆண்டுகள். வட்டி நூற்றுக்கு எட்டரை. மாதத் தவணை 26,035 ரூபாய். உண்மையில் இத்தகைய கடன்களில் வட்டி வீதம் அவ்வப்போது ஏறி இறங்கும். கணக்கு விளங்குவதற்காக அது மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகளில் 60 தவணைகள் தவறாமல் செலுத்தினர். செலுத்திய தொகை 15 லட்சத்து 62 ஆயிரம். ஆயினும் அசலில் குறைந்ததோ ஏறத்தாழ 3 லட்சத்து 56 ஆயிரம் மட்டுமே! மீதி 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை வட்டிக்கே சென்றது. இன்னும் 26 லட்சத்து 44 ஆயிரம் அசல் நிற்கிறது. 180 தவணைகள் மீதமிருக்கின்றன. இந்நிலையில் அவர்கள் கைக்கு 3 லட்ச ரூபாய் வருகிறது.

கணவர் அதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட விரும்புகிறார். மனைவிக்குக் கடன் குறைந்தால் போதும். மனைவியின் தம்பியோ, பங்குச் சந்தையைச் சார்ந்த மியூச்சுவல் பண்டு ஒன்றில் போட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு கிடைக்கும் என்கிறார். மூத்த மகள் இன்னும் மூன்றாண்டுகளில் கல்லூரிக்குச் செல்ல வேண்டியவள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

முதலில், கடனில் செலுத்தினால் என்ன மிஞ்சும்? இதை அறியப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டியதில்லை. கடன் தரும்போது வங்கி ஓர் அட்டவணை தருகிறது. இல்லையேல் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அதில் வரிவரியாக இருக்கும். நம் ஆசிரியர் இப்போது 60 ஆவது வரியில் நிற்கிறார். மூன்று லட்சத்தைச் செலுத்தியவுடன் மீதி அசல் 23 லட்சத்து 44 ஆயிரமாகிறது. அதே அட்டவணையில் இந்த மீதித் தொகை எந்த வரியில் வருகிறதென்று கீழே தேடுங்கள். 96 ஆவது வரியை ஒட்டி வரும். ஆக, 60 ஆவது படியில் நின்றவர் 96 ஆவது படிக்குத் தாவிவிட்டார். இடையிலுள்ள 36 தவணைகள் இல்லாமற்போயின. அந்த 36 வரிகளிலும் உள்ள வட்டியைக் கூட்டினால், அதுவே மிச்சமாகும் வட்டி. நம் கணக்கில் அது சுமார் 6 லட்சத்து 41 ஆயிரம்.

மூன்று லட்சம் கட்டி ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சம் என்றால் எவருக்கும் வியப்பு வரும். ஆனால் இந்த ஆறு லட்சத்தை எதனோடும் நேராக ஒப்பிடுதல் கூடாது. மக்கள் இடறுவது இங்கேதான். மைத்துனர் சொன்ன பன்னிரண்டு வீதத்தில் மூன்று லட்சம் பதினைந்து ஆண்டுகளில் 16 லட்சத்து 42 ஆயிரமாகும். இலாபம் 13 லட்சத்து 42 ஆயிரம். “ஆறு எங்கே, பதின்மூன்று எங்கே?” என்று அவர் கேட்பார். கேள்வி நியாயம்போல் தோன்றும். ஆனால் கடனை அடைத்தவருக்குப் பன்னிரண்டாம் ஆண்டோடு தவணை நின்றுவிடுகிறது. எஞ்சிய மூன்றாண்டுகளுக்கு மாதந்தோறும் 26,035 ரூபாய் அவர் கையிலேயே இருக்கும். அந்தப் பணத்தை அவர் சேமித்தால் அதுவும் வளரும். மைத்துனரின் கணக்கு பதினைந்தாம் ஆண்டின் முடிவில் நிற்கிறது. கடன் கணக்கோ பன்னிரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒரே நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே ஒப்பிட வேண்டும்.

அப்படியே செய்வோம். வங்கி வைப்புக்கு நூற்றுக்கு ஏழு வட்டி என்றும், ஆசிரியர் இருபது வீத வருமான வரிப் படிநிலையில் இருக்கிறார் என்றும் கொள்வோம். மேல்வரியும் சேர்ந்து வட்டியில் 20.8 வீதம் வரியாகப் போகும்; கைக்கு நிற்பது ஐந்தரை வீதம். மூன்று லட்சத்தை இதில் போட்டால் பதினைந்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 6 லட்சத்து 85 ஆயிரம் இருக்கும். கடனில் செலுத்திவிட்டு, பின்னர் தவணையற்ற அந்த 36 மாதங்களிலும் அதே தொகையை அதே ஐந்தரை வீத வைப்பில் போட்டுவந்தால், அதே நாளில் ஏறத்தாழ 10 லட்சத்து 22 ஆயிரம் இருக்கும். வேறுபாடு 3 லட்சத்து 37 ஆயிரம். கணவரின் எண்ணம் இதனால் விழுந்துவிடுகிறது.

காரணம் எளியது. கடனில் முன்கூட்டிச் செலுத்தும் பணம் எட்டரை வீத வட்டி ஈட்டும் வைப்பைப் போன்றது. அந்த வட்டி கைக்கு வருவதில்லை, கையை விட்டுப் போகாமல் நிற்கிறது. ஆகவே அதற்கு வரியும் இல்லை. எட்டரைக்கு வாங்கிய கடனை வைத்துக்கொண்டு, வரி போக ஐந்தரை தரும் இடத்தில் பணத்தைப் போடுவது தண்ணீர்க் குடத்தை ஓட்டையோடு வைத்துவிட்டுக் கிணற்றுக்கு நடப்பது போலாகும்.

பழைய வருமானவரி முறையில் இருப்பவர்க்கு ஒரு விலக்கு சொல்ல வேண்டும். தாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை அம்முறையில் கழிவு உண்டு. ஆகவே அவர்க்குக் கடனின் உண்மைச் சுமை எட்டரைக்குப் பதில் ஆறே முக்கால் வீத அளவில் அமையும். அப்போதும் ஐந்தரையைவிட அது மிகுதியே. புதிய முறையைத் தேர்ந்தவர்க்கு, தாமே குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு கிடையாது.

இனி மைத்துனரின் யோசனை. பன்னிரண்டு வீதம் கிடைத்தே தீருமானால் அவர் சொல்வது சரி. இலாபத்தில் முதல் ஒன்றேகால் லட்சம் போக எஞ்சியதற்குப் பன்னிரண்டரை வீத வரியும் அதன் மேல்வரியும் கட்டிய பிறகும் ஏறத்தாழ 14 லட்சத்து 84 ஆயிரம் நிற்கும். இது 10 லட்சத்து 22 ஆயிரத்தைவிட அதிகமே. ஆனால் எட்டு வீதமே கிடைத்தால்? வரி போக 8 லட்சத்து 83 ஆயிரம்தான். கடனை அடைத்தவரே முந்துகிறார். இரண்டும் சமமாகும் இடம் நூற்றுக்கு ஒன்பதுக்குச் சற்று மேல். அதாவது, பதினைந்து ஆண்டுகளுக்கும் சராசரியாக ஒன்பதுக்கு மேல் ஈட்டினால்தான் மைத்துனர் வெல்வார். அது இயலாததன்று, ஆனால் எவரும் உறுதி தருவதுமில்லை. கடனின் எட்டரை வீதமோ, அந்தக் கடன் அந்த வீதத்தில் நிற்கும்வரை உறுதியானது. வங்கி வீதத்தைக் குறைத்தால் இந்த ஆதாயமும் அந்த அளவு குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம் செலுத்தச் செல்கையில் வங்கியில் ஒரு கேள்வி கேட்பர்: “காலத்தைக் குறைக்கவா, தவணையைக் குறைக்கவா?” மேலே நாம் பார்த்தது காலத்தைக் குறைப்பது. தவணையைக் குறைத்தால் 26,035 ரூபாய் 23,080 ஆகும். காலம் 180 மாதங்களாகவே இருக்கும். அப்போது மிச்சமாகும் வட்டி சுமார் 2 லட்சத்து 32 ஆயிரமே. ஆறரை லட்சம் எங்கே போயிற்று என்று திகைக்க வேண்டாம். வங்கி ஏமாற்றவில்லை. இரண்டிலும் பணம் ஈட்டுவது அதே எட்டரை வீதம்தான். தவணை குறைந்தவர்க்கு அந்த ஈட்டம் மாதம் 2,950 ரூபாயாக உடனுக்குடன் திரும்பி வந்துவிடுகிறது. காலம் குறைந்தவர்க்கு அது உள்ளேயே நின்று குட்டி போடுகிறது. அந்த 2,950 ரூபாயைத் தவறாமல் எடுத்து வைக்கும் வீடுகள் சில; அது எங்கே போயிற்றென்று தெரியாத வீடுகள் பல. மாதச் செலவுக்கே இழுபறியான குடும்பமாயின் தவணையைக் குறைப்பதே தக்கது. அல்லாதவர்கள் காலத்தைக் குறைக்குமாறு எழுத்தில் கொடுப்பது நலம்.

இப்போது மகளின் கல்லூரிக்கு வருவோம். கடனில் போட்ட மூன்று லட்சத்தின் பலன், 144 தவணைகள் முடிந்த பின்னரே கைக்கு வரும். மூன்றாம் ஆண்டில் கட்டணம் கட்ட வேண்டும் என்று போய்க் கேட்டால் வங்கி அதைத் திருப்பித் தராது. அப்போது கல்விக் கடனோ, அதனினும் கூடிய வட்டிக்குக் கைமாற்றோ வாங்க நேர்ந்தால், இங்கே மிச்சம் பிடித்ததை அங்கே இழப்போம். இதை எண்ணியே அந்தத் தம்பதியர்க்கு நாம் கூறுவது: ஒரு லட்சத்தை மகளுக்கென மூன்றாண்டு வைப்பில் வைத்து, இரண்டு லட்சத்தைக் கடனில் செலுத்தலாம். இரண்டு லட்சத்துக்கே 25 தவணைகள் குறையும்; வட்டியில் சுமார் 4 லட்சத்து 53 ஆயிரம் மிச்சமாகும். ஒரு லட்சம் வைப்பில் ஈட்டுவது குறைவே. எனினும் வேண்டும்போது அது கையில் இருக்கும்.

முன்கூட்டிச் செலுத்துவதற்குக் கட்டணம் உண்டோ என்று அஞ்சுவோர் உளர். வட்டி மாறும் வகையில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனுக்கு வங்கிகள் இத்தகைய கட்டணம் வாங்குவதை ரிசர்வ் வங்கி 2012 ஆம் ஆண்டிலேயே தடுத்தது. நிலையான வட்டிக் கடனாயின் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கட்டணம் இருக்கக்கூடும்.

பணம் கட்டியபின் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். சில வேளைகளில் இத்தொகை அசலில் கழிக்கப்படாமல், வரவிருக்கும் தவணைகளுக்கான முன்பணமாகப் பதிவாகிவிடும். அவ்வாறானால் நாம் எண்ணிய ஆதாயம் கிட்டாது. அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். நம் ஆசிரியர்க்கு 61 ஆவது தவணையில் வட்டி 18,727 ரூபாய் வரவேண்டியது. தவணை நாளன்றே இரண்டு லட்சம் கட்டியிருந்தால் அது 17,310 ஆக இறங்கியிருக்க வேண்டும். மாத நடுவில் கட்டியிருந்தால் அதற்கடுத்த மாதத்தில் முழு இறக்கமும் தெரியும். இறங்கவில்லையாயின், செலுத்திய சீட்டுடன் அந்த வாரமே வங்கிக்குச் சென்று, அசலில் கழித்துப் புதிய அட்டவணை தருமாறு எழுதிக் கேட்க வேண்டும்.