வேலை போனதை வீட்டில் சொல்வது

வேலை போன மறுநாளும் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. நூலகத்திலோ ரயில் நிலைய பெஞ்சிலோ உட்கார்ந்திருந்துவிட்டு, ஆபீஸ் விடும் நேரத்துக்கு வீடு திரும்புவார்கள். ஏமாற்றும் எண்ணத்தில் யாரும் இதைத் தொடங்குவதில்லை. இரண்டு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தொடங்குகிறது. இரண்டு வாரம் இரண்டு மாதமாகும்போது, வேலை போனதைவிட மறைத்ததைச் சொல்வதுதான் கடினமாகிவிடுகிறது.

மறைக்கத் தூண்டுவது அவமானம். ஒரு தவறு செய்துவிட்டோம் என்று வருந்துகிறவர் அதைச் சரிசெய்யப் பார்ப்பார். நானே உதவாதவன் என்று கூசுகிறவருக்கோ யார் கண்ணிலும் படாமல் இருக்கத் தோன்றும். ப்ராஜெக்ட் முடிந்து ஐம்பது பேரை ஒரே நாளில் அனுப்பியிருந்தாலும், வீட்டு வாசலை மிதிக்கும்போது அது தன் ஒருவனுடைய தோல்வியாகவே தெரியும். சம்பாதிப்பதை வைத்தே ஆண்பிள்ளையை எடைபோடும் வீடுகளில் இது இன்னும் கூர்மையாக இருக்கும்.

பயம் வேறு. அதற்குக் கணக்கு வேண்டும். ஓர் உதாரணம் பார்க்கலாம். கணவர் வீட்டுச் செலவுக்கு மாதம் 80,000 ரூபாய் தருகிறார், மனைவி 25,000 சம்பாதிக்கிறார், மொத்தமும் செலவாகிறது. கணவருக்கு வேலை போகிறது. செட்டில்மென்ட் பணமும் சேமிப்பும் சேர்ந்து கையில் 5,50,000 இருக்கிறது. மறைத்தால், அவர் மாதா மாதம் அதே 80,000-ஐ ‘சம்பளமாக’ப் போட்டாக வேண்டும். ஏழு மாதம்கூட வராது. சொல்லிவிட்டால், இருவரும் உட்கார்ந்து வீட்டுக்கடன் இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து என்று எழுதி, தள்ளிப்போடக்கூடியதைத் தள்ளி, செலவை 70,000-க்குக் கொண்டுவர முடியும். மனைவியின் 25,000 போக, மாதம் 45,000 எடுத்தால் போதும். அதே பணம் பன்னிரண்டு மாதம் வரும். மறைப்பதற்கு அந்த வீடு கொடுக்கும் விலை ஐந்து மாதச் சாப்பாடு. கிரெடிட் கார்டையும் தனிநபர் கடனையும் தொட்டுவிட்டால் இன்னும் அதிகம். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில் இருந்தால், அவர்களுக்குத் தெரியாமலே பாதுகாப்பு போயிருக்கும்.

முதலில் கணவனோ மனைவியோ, அவர்களிடம் மட்டும், தனியாகச் சொல்வது நல்லது. தூங்கப்போகும் நேரமும் விசேஷத்துக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். சுற்றி வளைக்காமல், “எனக்கு வேலை போயிடுச்சு. போன வெள்ளிக்கிழமை சொன்னாங்க. கையில இவ்வளவு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு, சேர்ந்து கணக்குப் பாக்கலாமா?” என்று கேட்கலாம். பயத்தையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். அதை விட்டுவிட்டால் கோபமாகத்தான் வெளியே வரும். “ஏங்க, என்கிட்ட ஏன் முதல்லயே சொல்லல?” என்ற அழுகையோ கோபமோ வந்தால், அந்த நேரத்தில் வாதாட வேண்டாம். உங்களுக்குப் பழக நாலு நாள் ஆகியிருக்கும், அவர்களுக்கு இது முதல் நிமிடம்.

பெற்றோரிடம் போகும்போது அடுத்த சில மாதத்துக்கான ஏற்பாட்டோடு போவது உதவும். அப்பாவின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு, “அப்பா வேற வேலை தேடுறேன், கொஞ்ச நாள் செலவைக் குறைப்போம், ஸ்கூல் நிக்காது” என்ற அளவு போதும். அதையும் பள்ளிக் கட்டணத்தைக் கணக்கில் ஒதுக்கிய பிறகே சொல்லுங்கள். உறவினர்களுக்கு, “கம்பெனியில ஆள் குறைச்சாங்க, வேற பாத்துட்டிருக்கேன்” என்று வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொண்டால், தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்காது.

சொல்ல வாயே வரவில்லை என்பவர்களுக்கு எழுத்து ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை இழந்த அலுவலர்களில் ஒரு பகுதியினர் அந்த இழப்பு பற்றிய தம் உள்ளுணர்வுகளைத் தினம் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதினார்கள். அடுத்த மாதங்களில் மற்றவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது. கூடுதலாக விண்ணப்பித்ததால் அல்ல. பழைய நிறுவனத்தின் மீதிருந்த கசப்பு தணிந்து, நேர்காணலில் அது வெளிப்படாமல் போனது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் உடனே மனம் கனக்கலாம், அது இயல்புதான்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், குடி கூடினால், யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள்ளேயே கிடந்தால், வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. ‘நான் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் பணமாவது இவர்களுக்கு வரும்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருப்பதாகத் தோன்றினால், அவருக்காக நீங்களே கூப்பிடலாம்.